மார்ச்சில் கரையும் யூனிட்: வீரபாண்டி மாடியிலிருந்து ஒரு கரண்ட் பில் கணக்கு

முல்லைப் பெரியாற்றின் கரையில் இருக்கும் வீரபாண்டிக்கு ஆண்டில் இரண்டு வெயில் உண்டு. மாசியிலும் பங்குனியிலும் அடிக்கும் வெயில் பேனலுக்கு நல்லது. அப்போது வீட்டுக்குள் பெரிய செலவு இருக்காது. சித்திரை வெயில் வேறு. கௌமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு உறவுக்காரர்கள் வந்து நிறைவார்கள். ராத்திரி முழுக்க மின்விசிறி ஓடும், ஏசி ஓடும், கிரைண்டரும் மோட்டாரும் ஓயாது. மாடியில் சோலார் போட்ட குடும்பத்தின் ஆண்டுக் கணக்கை இந்த இரண்டு வெயிலுக்கும் நடுவே வரும் ஒரு தேதிதான் தீர்மானிக்கிறது. அந்தத் தேதி மார்ச் 31.

"ரெண்டு மாசமும் பில்லு ஜீரோதான் வருது. இதுல பாக்க என்ன இருக்கு?" சோலார் போட்ட வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. கட்ட வேண்டிய தொகை பூஜ்யமாக இருந்தால் யாரும் பில்லைத் திருப்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒரு குடும்பம் அதிகம் இழப்பது அந்தப் பூஜ்ய பில்களில்தான். வரவில் சேர வேண்டிய யூனிட் சேராமல் போனாலும், முந்தைய வரவு அடுத்த பில்லுக்கு வராமல் போனாலும், அப்போதைக்குத் தொகை பூஜ்யமாகவே இருக்கும். இழப்பு தெரிய நான்கு மாதமோ ஆறு மாதமோ ஆகும்.

பிரதமரின் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தபின் 3 கிலோவாட் என்பது நடுத்தர வீடுகளின் வழக்கமான அளவாகிவிட்டது. முதல் 2 கிலோவாட்டுக்கு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000 ரூபாய், மொத்தம் 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் கூடாது. ஆகவே 3 கிலோவாட் போட்ட ஒரு வீட்டையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். இது நான் அமைத்துக்கொண்ட மாதிரி வீடு. எண்களும் மாதிரிதான், ஆனால் வீரபாண்டியின் வெயிலுக்கும் மழைக்கும் பொருந்தும்படி வைத்திருக்கிறேன்.

முதலில் மீட்டர். சோலார் போட்டதும் பழைய மீட்டரை எடுத்துவிட்டு இருவழி மீட்டர் ஒன்றை வைப்பார்கள். அதற்குள் இரண்டு எண்கள் தனித்தனியாக ஏறிக்கொண்டே போகும். ஒன்று லைனிலிருந்து வீட்டுக்குள் வந்த யூனிட். ஈபி ஆட்களும் சோலார் போட்டவரும் இதை இம்போர்ட் என்பார்கள். மற்றது வீட்டிலிருந்து லைனுக்குப் போன யூனிட், அது எக்ஸ்போர்ட். திரையில் இவை மாறி மாறி வரும். சில மீட்டர்களில் 1.8.0 என்ற குறியோடு வருவது இம்போர்ட், 2.8.0 என்ற குறியோடு வருவது எக்ஸ்போர்ட். இரண்டும் குறையவே குறையாது. மீட்டர் தானாக எதையும் கழிப்பதில்லை. கழிப்பது பில் போடும்போதுதான்.

குழப்பத்தில் பாதி பிறப்பது இங்கேதான். இன்வெர்ட்டரின் ஆப் "இந்த இரண்டு மாதத்தில் 740 யூனிட்" என்கிறது. பில்லில் எக்ஸ்போர்ட் 430 என்று இருக்கிறது. "மீதி 310 யூனிட்டை ஈபி விழுங்கிவிட்டது" என்று சண்டைக்குக் கிளம்புகிறவர்கள் உண்டு. அந்த 310 யூனிட் மீட்டரைத் தொடவே இல்லை. பகலில் பேனல் கொடுத்த கரண்டை வீட்டு ஃபிரிட்ஜும் மோட்டாரும் மிக்சியும் அங்கேயே எடுத்துக்கொண்டன. மிஞ்சியது மட்டுமே மீட்டரைத் தாண்டி வெளியே போனது. ஆக, உற்பத்தியிலிருந்து எக்ஸ்போர்ட்டைக் கழித்தால் பகலில் வீடு நேரடியாக எரித்தது கிடைக்கும். அதோடு இம்போர்ட்டைக் கூட்டினால் வீட்டின் மொத்தச் செலவு கிடைக்கும். ஆப்பில் உள்ள எண்ணைப் பில்லில் தேடினால் கிடைக்காது. பில்லுக்குத் தெரிந்தது மீட்டரைக் கடந்தவை மட்டுமே.

மாதிரி வீட்டின் ஏப்ரல், மே கணக்கைப் பார்ப்போம். உற்பத்தி 740, எக்ஸ்போர்ட் 430, இம்போர்ட் 510. வீடு எரித்தது 310-ம் 510-ம் சேர்ந்து 820 யூனிட். சோலார் இல்லாதிருந்தால் இந்த 820-க்கு ஏறத்தாழ 5,000 ரூபாய் பில் வந்திருக்கும். இப்போது பில் எப்படி அமைகிறது? இம்போர்ட் 510-லிருந்து எக்ஸ்போர்ட் 430-ஐக் கழிக்கிறார்கள். மிச்சம் 80. முந்தைய வரவு ஏதும் இருந்தால் அதையும் கழிப்பார்கள். இந்த வீட்டுக்கு அது ஆண்டின் முதல் பில் என்பதால் வரவு இல்லை. கழித்து முடித்த 80 யூனிட்டுக்குத்தான் அடுக்கு விலை பார்க்கப்படும். அது வீடுகளுக்கான 100 இலவச யூனிட்டுக்குள் அடங்கிவிடுவதால் பில் பூஜ்யம்.

இந்த வரிசை முக்கியம். யூனிட்டுக்கு யூனிட் கழிப்பது முதலில், விலை பிறகு. நம் மாநிலத்தில் வீட்டு மின்சாரம் அடுக்கு விலையில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் மேலே போகும் ஒவ்வொரு யூனிட்டும் 8 ரூபாய்க்கு மேல். தாண்டாத வீட்டுக்கு 100-க்கும் 200-க்கும் இடைப்பட்ட யூனிட் 2 ரூபாய் சொச்சம்தான். எக்ஸ்போர்ட் கழிக்கப்படும்போது முதலில் மறைவது விலை அதிகமான மேல் அடுக்கு. ஆகவே பெரிய செலவுள்ள வீட்டில் முதல் சில நூறு யூனிட் எக்ஸ்போர்ட்டுக்கு மதிப்பு அதிகம். கீழ் அடுக்குக்கு வந்துவிட்டபின் அடுத்த எக்ஸ்போர்ட் யூனிட் மிச்சப்படுத்தும் பணம் சொற்பம். 100-க்குக் கீழே போனபின் அது அந்தப் பில்லில் எதையும் மிச்சப்படுத்துவதில்லை, வரவாகச் சேர்கிறது.

ஜூன் பிறந்தால் கம்பம் பள்ளத்தாக்கில் மேற்கிலிருந்து காற்று வீசத் தொடங்கும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டும். இந்தப் பக்கம் மேகமும் சாரலும். உற்பத்தி 560-க்கு இறங்குகிறது. ஆனால் விருந்தாளிகள் போய்விட்டார்கள், ஏசியும் ஓய்ந்துவிட்டது. எக்ஸ்போர்ட் 380, இம்போர்ட் 330. இப்போது 50 யூனிட் அதிகமாக வெளியே போயிருக்கிறது. பில் பூஜ்யம், வரவு 50. ஆகஸ்ட், செப்டம்பரில் எக்ஸ்போர்ட் 470, இம்போர்ட் 340. இன்னொரு 130 சேர்ந்து வரவு 180 ஆகிறது. இந்த 180 என்ற எண்ணைத்தான் அடுத்த பில்லில் தேட வேண்டும்.

அக்டோபர், நவம்பர் வடகிழக்குப் பருவமழை. உற்பத்தி 500-ஐத் தாண்டவில்லை. இம்போர்ட் 400, எக்ஸ்போர்ட் 310. துண்டு விழுவது 90 யூனிட். வரவிலிருந்த 180-ல் 90 போய் 90 மிஞ்சுகிறது, பில் பூஜ்யம். எல்லாம் சரிதான். ஆனால் கூர்ந்து பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். வரவே இல்லாமல் இருந்திருந்தாலும் இந்த 90 யூனிட் இலவச 100-க்குள் அடங்கி, பில் அப்போதும் பூஜ்யமாகத்தான் வந்திருக்கும். வரவுக் கழிப்பு முதலில் நடப்பதால், எப்படியும் காசு கேட்காத 90 யூனிட்டுக்காகச் சேமிப்பிலிருந்து 90 யூனிட் செலவாகிவிட்டது. இது தவறு அல்ல. கணக்கின் வரிசை அப்படி. சோலார் பேச வருகிறவர் "மிச்சமெல்லாம் உங்கள் பேரில் சேரும்" என்று சொல்லும்போது இந்த இடத்தைச் சொல்வதில்லை. இலவச 100 யூனிட் சோலார் வீட்டுக்குப் பெரும்பாலும் பயன்படாமலேயே போகிறது.

டிசம்பர், ஜனவரியில் எக்ஸ்போர்ட் 500, இம்போர்ட் 320. வரவு 270. பிப்ரவரி, மார்ச்சில் வானம் துடைத்துவிட்டது போல் இருக்கும். ஆண்டிலேயே அதிக உற்பத்தி அப்போதுதான். எக்ஸ்போர்ட் 540, இம்போர்ட் 420. இன்னொரு 120 சேர்ந்து, ஏப்ரல் தொடக்கத்தில் ரீடிங் எடுக்கும்போது வரவு 390 யூனிட்.

வீட்டுக்காரர் மனதில் இந்த 390 சித்திரைத் திருவிழாவுக்கான சேமிப்பு. அதைத் தொட முடியாது. நெட் மீட்டரிங் கணக்காண்டு ஏப்ரல் 1-ல் தொடங்கி மார்ச் 31-ல் முடிகிறது. அந்த 12 மாதத்துக்குள் யூனிட் ஒரு பில்லிலிருந்து அடுத்த பில்லுக்கு நகரும். ஆண்டுக் கோட்டைத் தாண்டி யூனிட்டாக நகராது. மிச்சத்தை விதிப்படி தீர்த்துவிட்டுப் புதிய ஆண்டைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். வீட்டுக்குள் எரிக்கும் யூனிட் மிச்சப்படுத்துகிற 4, 6, 8 ரூபாய் மதிப்பு, கோட்டில் நின்றுபோகும் அந்த யூனிட்டுக்குக் கிடைக்காது. பள்ளத்தாக்கில் பேனல் அதிகம் கொடுப்பது பிப்ரவரி, மார்ச்சில்; வீடு அதிகம் கேட்பது ஏப்ரல், மேயில். கோடு நேராக நடுவில் விழுகிறது. ஏப்ரல், மே பில் பூஜ்யமாக வராமல் போனால் "போன மாதம்வரை அவ்வளவு வரவு இருந்ததே" என்று திகைக்க வேண்டாம். அது பில் பிழை அல்ல, ஆண்டின் வெட்டுக்கோடு.

இதிலிருந்து ஒரு முடிவு எடுக்கலாம். மார்ச் பில்லில் நிற்கும் வரவுதான் உங்கள் மாடியில் பேனல் போதுமா, கூடுதலா என்று சொல்லும் எண். கணக்குக்கு எடுத்த வீட்டில் 390 நிற்கிறது. இந்த வீட்டுக்கு இன்னும் 2 கிலோவாட் சேர்க்கச் சொல்லி யாராவது வந்தால், ஆப் காட்டும் உற்பத்தியைக் காட்டாமல் மார்ச் பில்லைக் காட்டுங்கள். சேர்ப்பதில் பெரும்பகுதி அந்தக் கோட்டில் போய்த்தான் நிற்கும். மாறாக, விறகு அடுப்பையோ கேஸ் அடுப்பையோ குறைத்து மின் அடுப்புக்கு மாறவோ, மின் ஸ்கூட்டர் வாங்கவோ எண்ணியிருந்தால் அந்த 390 அதற்கு இடம் கொடுக்கும்.

இன்னொரு பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோலார் போட்ட வீடுகளில் "மோட்டாரை மத்தியானம் போடு, துணி மிஷினை வெயிலில் ஓட்டு" என்று பெண்களை நேரம் பார்க்க வைக்கிறார்கள். நெட் மீட்டரிங் உள்ள வீட்டுக்கு பில்லில் இதனால் ஒரு ரூபாய் வித்தியாசமும் வராது. பகலில் எரித்த யூனிட் எக்ஸ்போர்ட்டிலிருந்து குறையும், இரவில் எரித்தது இம்போர்ட்டில் கூடும், கழித்தால் ஒன்றே. வித்தியாசம் வருவது வேறு ஒரு முறையில். 2019-ல் வந்த ஏற்பாட்டில் லைனுக்குப் போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலை வைத்து, அதை ரூபாயாக வரவு வைத்தார்கள். உள்ளே வரும் யூனிட்டுக்கு முழு விலை. 2021 அக்டோபரில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வீடுகளுக்கு நெட் மீட்டரிங்கைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆகவே ஒரே தெருவில் இரண்டு வீடுகள் இரண்டு முறையில் இருக்க இடமுண்டு. பில்லை எடுத்து வரவு எந்த அளவில் நிற்கிறது என்று பாருங்கள். யூனிட்டாக நின்றால் நேரம் பார்க்க வேண்டாம். ரூபாயாக நின்றால் பகலில் எரிப்பதே லாபம்.

சரி, பிழை எங்கே வரும்?

முதல் இடம் மீட்டர் மாற்றும் நாள். பேனல் மாட்டி முடித்ததும் ஆசையில் சுவிட்சைப் போட்டுவிடுகிறார்கள். இருவழி மீட்டர் வர நாளாகிறது. பழைய மின்னணு மீட்டர்களில் பல, கரண்ட் எந்தத் திசையில் ஓடினாலும் அதை உள்ளே வந்ததாகவே எண்ணும். திருட்டைத் தடுக்க அப்படி அமைத்தது. நீங்கள் வெளியே அனுப்பிய யூனிட்டும் உங்கள் செலவாக ஏறும். மாட்டிய மாதமே பில் கூடிவிட்டது என்று புலம்பும் வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இன்வெர்ட்டரை எந்தத் தேதியில் ஓட்டினீர்கள், மீட்டர் எந்தத் தேதியில் மாறியது என்பது. இரண்டுக்கும் நடுவே உள்ள நாட்கள்தான் விடை. மீட்டர் மாற்றும்போது பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் புதிய மீட்டரின் இரண்டு தொடக்க எண்களையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் எந்தத் தகராறும் இந்த மூன்று எண்களில் வந்து நிற்கும்.

இரண்டாவது இடம் ரீடிங் எடுக்கும் நாள். கணக்கெடுக்க வருகிறவர் ஒரு நாளில் பல தெருக்களைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் ஒரே எண். உங்கள் வீட்டில் மட்டும் திரை மாறும்வரை காத்திருந்து இரண்டாவது எண்ணையும் எடுக்க வேண்டும். வாசலில் நின்று "அண்ணே, எக்ஸ்போர்ட் ரீடிங்கும் எடுத்தாச்சா?" என்று கேட்பதில் தவறே இல்லை. அவர் எடுத்த அதே நேரத்தில் நீங்களும் இரண்டு திரைகளையும் படம் எடுங்கள். பில்லில் எக்ஸ்போர்ட் பூஜ்யம் என்று வந்தாலோ, இரண்டு மாதம் வெயில் அடித்தும் ஒற்றை இலக்கத்தில் வந்தாலோ, அது எண் எடுக்காமல் விட்டதன் அடையாளம்.

அப்படி விட்டுப்போனால் யூனிட் காணாமல் போய்விட்டதா? இல்லை. மீட்டரின் எண் ஏறிக்கொண்டே போவதால், அடுத்த முறை சரியாக எடுத்தால் இரண்டு பில்லின் எக்ஸ்போர்ட்டும் சேர்ந்து வந்துவிடும். ஆனால் அதற்குப் பழைய ரீடிங் சரியாக இருக்க வேண்டும். ஆகவே பில் சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு. போன பில்லில் "தற்போதைய ரீடிங்" என்று இருந்த எண்ணும் இந்தப் பில்லில் "முந்தைய ரீடிங்" என்று இருக்கும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். இம்போர்ட்டுக்கும் எக்ஸ்போர்ட்டுக்கும் தனித்தனியாகப் பாருங்கள். அதேபோல் போன பில்லின் முடிவில் நின்ற வரவும் இந்தப் பில்லின் தொடக்கத்தில் உள்ள வரவும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த மூன்று சங்கிலிகளும் அறுபடாமல் இருந்து, தற்போதைய ரீடிங்கும் நீங்கள் எடுத்த படங்களோடு பொருந்தினால், தொகை பூஜ்யமோ ஆயிரமோ, பில் சரி. எங்கே அறுந்திருக்கிறதோ அங்கே பிழை. எக்ஸ்போர்ட் மார்ச் ரீடிங்கில் விடுபட்டிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். பழைய ஆண்டுக்குச் சேர வேண்டியது புதிய ஆண்டில் விழுந்தால் இரண்டு ஆண்டுக் கணக்கும் கெடும்.

மூன்றாவது, அரிதாக, மீட்டர் இணைப்பே தலைகீழாக இருப்பது. வந்தது போனதாகவும் போனது வந்ததாகவும் பதியும். இதைக் கண்டுபிடிக்கப் பொறியாளர் வேண்டாம். இரவு எட்டு மணிக்கு விசிறியும் விளக்கும் எரியும்போது மீட்டரைப் பாருங்கள். பேனல் தூங்கும் அந்த நேரத்தில் எக்ஸ்போர்ட் எண் அசையக் கூடாது; அசைந்தால் இணைப்பு மாறியிருக்கிறது. நல்ல வெயிலில் வீட்டுக்குள் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பார்த்தால் இம்போர்ட் நின்று எக்ஸ்போர்ட் ஏற வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எக்ஸ்போர்ட் குறைந்தால் பில்லை விட்டுவிட்டு ஆப்பைப் பாருங்கள். லைனோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்கிறவர் உயிருக்காக அமைத்த ஏற்பாடு அது. ஆடிக் காற்றில் மட்டை விழுந்து பகலில் லைன் போகும் நாளெல்லாம் உற்பத்தியும் போகும். லைன் இருந்தும் நடுப்பகலில் ஆப்பின் வளைவு திடீரென விழுந்து மறுபடி எழுந்தால் வோல்டேஜ் கூடி இன்வெர்ட்டர் தானே விலகியிருக்கும். இந்த இழப்பு எந்தப் பில்லிலும் வராது. உற்பத்தியே ஆகாத யூனிட் மீட்டருக்குத் தெரியாது. அதற்கு மனு கொடுக்க வேண்டியது பில் பிரிவில் இல்லை. டிரான்ஸ்பார்மரின் வோல்டேஜைப் பார்க்கும் பொறியாளரிடம்.

பில் பிழைக்கு மனு கொடுக்கும்போது "சோலார் பில் தப்பு" என்று எழுதினால் பதில் வர நாளாகும். மின் இணைப்பு எண்ணை எழுதி, இந்தத் தேதியில் எக்ஸ்போர்ட் ரீடிங் இவ்வளவு, பில்லில் பதிந்தது இவ்வளவு, சேர வேண்டிய வரவு இவ்வளவு என்று மூன்றே வரி எழுதி, படங்களையும் இரண்டு பில்களையும் இணைத்து உங்கள் பிரிவு அலுவலக உதவிப் பொறியாளரிடம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலும் பதிந்து புகார் எண்ணை அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் இருக்கிறது. அதற்கும் மேலே சென்னையில் மின் குறைதீர்ப்பாளர். அவர்கள் முதலில் கேட்பது ரீடிங் நாளில் எடுத்த அந்த இரண்டு படங்களைத்தான்.